அரபு எண்களில் தலைகீழ் பால்: மூன்று முதல் பத்து வரை

ஒரு வீட்டு விளம்பரத்தை ஆங்கிலத்திலிருந்து அரபுக்குக் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 'ஐந்து அறைகள், மூன்று குளியலறைகள்' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்து எப்போதும் ஐந்துதான். எழுத்துநடை அரபில் மூன்று முதல் பத்து வரை ஒவ்வொரு எண்ணுக்கும் நீளமும் குட்டையுமாக இரண்டு வடிவம் உண்டு: ஐந்துக்குக் 'கம்ஸா', 'கம்ஸ்'; மூன்றுக்கு 'ஸலாஸா', 'ஸலாஸ்'. நீள வடிவத்தின் கடைசியில் இருப்பது தா மர்பூதா, அதாவது மேலே இரு புள்ளி வைத்த வட்ட எழுத்து. பெயர்ச்சொல்லில் அது பெரும்பாலும் பெண்பால் அடையாளம். எண்ணில் வந்தாலோ, எண்ணப்படும் பொருள் ஆண்பால் என்று பொருள்!

முதல் படி: பெயர்ச்சொல்லின் ஒருமையைத் தேடுங்கள். அறை 'குர்ஃபா', பெண்பால். குளியலறை 'ஹம்மாம்', ஆண்பால்.

இரண்டாம் படி: எண்ணை எதிர்ப்பாலில் வையுங்கள். அறைக்குக் குட்டை வடிவம், குளியலறைக்கு நீள வடிவம்.

மூன்றாம் படி: பெயரைப் பன்மையாக்கி, எண்ணுக்குப் பின்னால் ஆறாம் வேற்றுமையில் நிறுத்துங்கள். எண் எழுவாயாக நின்றால் 'கம்ஸு குரஃபின் வ ஸலாஸது ஹம்மாமாதின்' என்று வரும். பெயர் தொடரும்போது தா மர்பூதா 'த' ஒலியாக வெளிப்படும். 'ஸலாஸது' என்பதில் அது காதிலேயே விழுகிறது.

தவறு நடப்பது பெரும்பாலும் முதல் படியில்தான். 'ஹம்மாமாத்' என்ற பன்மை '-ஆத்' என்று முடிகிறது. பெண்பால் பன்மையின் வழக்கமான முடிவு அது என்று படித்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு 'ஸலாஸு ஹம்மாமாத்' என்று எழுதிவிடுவார்கள். 'குரஃப்' என்ற பன்மையிலோ பெண்பால் அடையாளம் எதுவும் தெரியாது; அதை ஆண்பாலாக எண்ணிக் 'கம்ஸது குரஃப்' என்பார்கள். ஆக, பன்மையைப் பார்த்துப் பால் சொல்லவே கூடாது. 'தூலாராத்' (டாலர்கள்) என்பதும் இதே பொறி: ஒருமை 'தூலார்' ஆண்பால், எனவே ஐந்து டாலர் 'கம்ஸது தூலாராத்'. ரூபாய் 'ரூபிய்யா' பெண்பால் என்பதால் ஐந்து ரூபாய் 'கம்ஸு ரூபிய்யாத்'.

விதி மறந்துபோனால் நினைவுபடுத்திக்கொள்ளக் குர்ஆனின் 69-ஆம் அத்தியாயம் 7-ஆம் வசனம் போதும். ஆது கூட்டத்தார் மீது வீசிய காற்றைப் பற்றி அது சொல்கிறது: 'ஸப்அ லயாலின் வ ஸமானியத அய்யாமின்', ஏழு இரவுகளும் எட்டுப் பகல்களும். இரவு (லைலா) பெண்பால், ஏழில் தா இல்லை. பகல் (யவ்ம்) ஆண்பால், எட்டில் தா இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வரியில் கிடைக்கும் இந்த எடுத்துக்காட்டை மனப்பாடம் செய்வது எந்த அட்டவணையையும்விட மேல் என்பேன்.

ஒன்றும் இரண்டும் இந்த விதிக்குள் வராது. அவை பெயரின் பாலோடு ஒத்தே நிற்கும். 11 முதல் 99 வரை பெயர் ஒருமைக்குத் திரும்பி, வேற்றுமையும் மாறிவிடும். பேச்சு வழக்குகள் பலவற்றில் எந்தப் பாலானாலும் பெயருக்கு முன் குட்டை வடிவமே வரும். அதனால் தெருவில் கேட்டதை வைத்து ஒப்பந்தத்தில் தொகையை எழுத்தால் எழுதக் கூடாது.