மில்மன் தேற்றம்: சோர்ஸ் இல்லாத கிளையை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

லேப்பில் முதலாமாண்டு பசங்க மில்மன் தேற்றத்தைப் போடுவதைப் பார்க்கும்போது, நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசையாக வருகின்றன. கிலோ ஓமையும் ஓமையும் கலப்பது, கால்குலேட்டரில் அடைப்புக்குறி போடாமல் விடுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜேக்கப் மில்மன் 1940-ல் எழுதிய விஷயம் எளிமையானது. பல கிளைகள் இரண்டே புள்ளிகளுக்கு நடுவில் பக்க இணைப்பில் இருந்தால், பொதுப் புள்ளியின் வோல்டேஜ் ஒரே படியில் கிடைக்கும்:

```
V = (E1/R1 + E2/R2 + E3/R3) / (1/R1 + 1/R2 + 1/R3)
```

சோர்ஸ் இல்லாத கிளையை மறப்பது

இதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது. முதல் கிளையில் 12 வோல்ட், 4 கிலோ ஓம். இரண்டாவதில் 6 வோல்ட், 2 கிலோ ஓம். மூன்றாவது வெறும் லோடு, 4 கிலோ ஓம். அதில் பேட்டரி இல்லை, அதனால் “கணக்கில் வராது” என்று விட்டுவிடுகிறார்கள்.

விட்டால் என்ன ஆகிறது? மேலே 3 + 3 = 6 மில்லி ஆம்பியர். கீழே 0.25 + 0.5 = 0.75. விடை 8 வோல்ட். லோடையும் சேர்த்தால் கீழே 1 ஆகிறது, விடை 6 வோல்ட். சோர்ஸ் இல்லாத கிளை தொகுதியில் பூஜ்யம்தான், ஆனால் பகுதியில் அதன் 1/R முழுசாக இருக்கும்.

எரிச்சலுக்குக் காரணம், 8 வோல்ட் பார்க்க நியாயமாக இருப்பது. 6-க்கும் 12-க்கும் நடுவில் அழகாக உட்காருகிறது. சரிபார்த்தாலும் ஏமாற்றும்: முதல் கிளையிலிருந்து 1 மில்லி ஆம்பியர் வருகிறது, இரண்டாவதுக்குள் 1 மில்லி ஆம்பியர் போகிறது, சமம்! லோடு இழுக்கும் 2 மில்லி ஆம்பியரை யாரும் கேட்பதில்லை. ஒரு மாணவர் இப்படி 8 என்று எழுதிவைத்துவிட்டு, மீட்டர் 6 காட்டியதும் மீட்டரை மாற்றினார், அதன் பேட்டரியை மாற்றினார், கடைசியில் ரெசிஸ்டரின் 5 சதவீத டாலரன்ஸ் மேல் பழியைப் போட்டார். ஐந்து சதவீத ரெசிஸ்டரால் எட்டை ஆறாக்க முடியாது. அந்த நேரத்தில் கிளைகளை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

சரியான 6 வோல்ட்டை வைத்துப் பாருங்கள். முதல் கிளை 1.5 மில்லி ஆம்பியர் தருகிறது, இரண்டாவது ஒன்றும் தரவில்லை, லோடு 1.5-ஐ எடுத்துக்கொள்கிறது. லோடையும் சேர்த்துக் கூட்டி பூஜ்யம் வந்தால்தான் சரிபார்ப்பு முடிந்தது.

இதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு. “6 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டால்?” என்று கேட்டால் உடனே E2 = 0 என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் 3/1 = 3 வோல்ட். ஆனால் பேட்டரியைக் கழற்றி முனைகளைத் திறந்தே விட்டால் அந்தக் கிளையே இல்லை, அதன் 1/R-உம் போய்விடும்: 3/0.5 = 6 வோல்ட். பேட்டரி இருந்த இடத்தில் ஒரு வயரைப் போட்டு இணைத்தால்தான் 3 வோல்ட். பூஜ்ய வோல்ட் வேறு, திறந்த கிளை வேறு. பவர் சப்ளையை ஆஃப் செய்துவிட்டு அதை பூஜ்ய வோல்ட் என்று நம்புவதும் ஆபத்து. உள்ளே அது எப்படி இருக்கிறது என்பது சப்ளையைப் பொறுத்தது. கழற்றிவிட்டு வயரால் இணையுங்கள்.

திருப்பிப் போட்ட பேட்டரி

கழித்தல் குறி. மேலே உள்ள 6 வோல்ட்டைத் திருப்பினால் 3 − 3, விடை 0.

கரன்ட் சோர்ஸ் கிளையின் ரெசிஸ்டர்

2 மில்லி ஆம்பியர் கரன்ட் சோர்ஸ், அதோடு தொடராக 1 கிலோ ஓம் என்று நான்காவது கிளை வந்தால், 2 மேலே சேரும். அந்த 1 கிலோ ஓம் கீழே சேராது, ஏனென்றால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளையில் ஓடுவது 2 மில்லி ஆம்பியர்தான். சரியான விடை 8/1 = 8 வோல்ட். ரெசிஸ்டரையும் சேர்ப்பவர்களுக்கு 4 வரும்.

ரெசிஸ்டரே இல்லாத பேட்டரி கிளை

சூத்திரம் வேண்டாம். அந்தப் பேட்டரியின் வோல்டேஜ்தான் விடை.

ஏசியில் அளவை மட்டும் கூட்டுவது

நியூட்ரல் வயர் இணைக்காத ஸ்டார் இணைப்பில் மூன்று ஃபேஸுக்கும் ஒரே அளவு லோடு என்று வையுங்கள். வெறும் 230-களைக் கூட்டினால் ஸ்டார் புள்ளியில் 230 வோல்ட் என்று வரும். கோணத்தோடு கூட்டினால் 0. லோடு சமமில்லாதபோது ஸ்டார் புள்ளி நகரும், அப்போது லேசான லோடு உள்ள ஃபேஸில் 230-க்கு மேல் ஏறலாம். நியூட்ரல் வயரை இணைத்தால் அதுவும் ஒரு கிளைதான்: E பூஜ்யம், மின்தடை மிகக் குறைவு, அதனால் 1/R மிகப் பெரியது, பகுதியை ஊதி V-ஐப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பிடித்துவைக்கிறது. தெருவில் நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளில் டிவி புகைவது, சோர்ஸ் இல்லாத அந்தக் கிளை பகுதியிலிருந்து காணாமல் போவதால்தான்.