வீட்டு நாற்காலியில் தொடங்கலாம்: வயதானவர்களின் தசை இழப்பைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

அம்மாவுக்கு 68 வயது, எடை 52 கிலோ. சோபாவிலிருந்து எழும்போதெல்லாம் கையை ஊன்றி "அப்பாடா" என்று ஒரு சத்தம். முட்டி தேய்ந்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் முட்டியில் வலியே இல்லை, தொடைக்குத்தான் பலம் போதவில்லை. வயதாக ஆகத் தசையின் அளவும் பலமும் இப்படிக் குறைந்துகொண்டே போவதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1989இல் இர்வின் ரோசன்பெர்க் வைத்த பெயர் அது.

முதலில் இரண்டு சோதனை

டெய்லர் டேப் ஒன்றும் செல்போனில் ஸ்டாப்வாட்சும் இருந்தால் போதும்.

காலைத் தரையில் ஊன்றி உட்காரச் சொல்லி, கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தை இறுக்காமல் அளந்து பாருங்கள். ஆசிய மருத்துவர் குழு 2019இல் தந்த அளவுகோல்படி ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பாதீர்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின்மேல் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பார்த்துவிட்டு அளப்பது நல்லது. உடம்பு பருமனாக இருந்தாலும் கொழுப்பு தசைக் குறைவை மறைத்துவிடும்.

அடுத்தது நாற்காலி சோதனை, எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முழுதாக நிமிர்ந்து எழுந்து உட்காருவதை ஐந்து தடவை விடாமல் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகச் செய்ய வேண்டும். ஐந்தாவது தடவை நிமிர்ந்து நின்றதும் கடிகாரத்தை நிறுத்துங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் பலம் குறைவு என்று அர்த்தம். நான் முதலில் பிளாஸ்டிக் நாற்காலியில் செய்ய வைத்து ஏமாந்தேன். கைப்பிடி இருந்ததால் அம்மா அறியாமலே அதை அழுத்தி எழுந்தார், மூன்றாவது தடவை நாற்காலியே மொசைக்கில் வழுக்கிப் பின்னால் போய்விட்டது. அப்புறம் கைப்பிடி இல்லாத சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு மறுபடி பார்த்தோம். 17 விநாடி. கெண்டைக்கால் 32 செ.மீ.

மூட்டு வலியால் தாமதமானால் அது வேறு கணக்கு. அப்போது டாக்டரிடம் சொல்லிப் பிடிவலுக் கருவியில் கையின் பிடியைப் பார்க்கச் சொல்லலாம். ஆண்களுக்கு 28 கிலோவும் பெண்களுக்கு 18 கிலோவும்தான் கோடு, அதற்குக் கீழே போகக் கூடாது. நோயை உறுதி செய்வது டெக்ஸா ஸ்கேன் போன்ற தசை அளவுச் சோதனைதான். ஆனால் பலம் குறைந்திருப்பது தெரிந்ததுமே, ஸ்கேனுக்குக் காத்திருக்காமல், பயிற்சியையும் சாப்பாட்டையும் தொடங்கிவிடலாம்.

பயிற்சி

"தினமும் நடக்கிறேனே, போதாதா?" என்று அம்மா கேட்டார். போதாது. நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடைக்கு அது பழகிப்போன சுமை. தசை வளர வேண்டுமென்றால் சுமை அதற்குச் சிரமமாக இருக்க வேண்டும்.

சோதனைக்குப் போட்ட அதே நாற்காலிதான். மேலே ஒரு கெட்டியான தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டி எழச் சொன்னேன். எழுவதைவிட உட்காருவதுதான் முக்கியம், பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 தடவை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு, மொத்தம் இரண்டு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள். சுற்று முடியும்போது "இன்னும் ரெண்டு மூணு முடியும், அதுக்கு மேல முடியாது" என்ற நிலை வந்தால் சுமை சரி. 12 தடவை செய்துவிட்டுச் சாவகாசமாகப் பேசினால் தலையணையை எடுத்துவிடுங்கள், அதற்கும் பழகியதும் ஒரு பையில் ஒரு கிலோ அரிசி போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் கூடச் சேர்த்தோம்.

மூச்சைப் பிடிக்கக் கூடாது. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். தொடையில் மறுநாள் லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம், மூட்டில் குத்தினால் உயரத்தைக் கூட்டுங்கள்.

தட்டு

வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது பொதுவான பரிந்துரை. அம்மாவுக்கு அது அதிகபட்சம் 62 கிராம். அவர் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்தேன், தோராயமான கணக்குத்தான். காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும் 9, மதியம் சோறு, சாம்பார், தயிர் 15, இரண்டு காபியின் பாலில் 6, இரவு இரண்டு தோசையும் சட்னியும் 7. மொத்தம் 37! வயிறு நிறைகிறது, தசைக்குத்தான் கிடைப்பதில்லை.

காலையில் இரண்டு முட்டை சேர்த்தோம், அது 12 கிராம். மதியம் ஒரு சின்ன மீன் துண்டோ கெட்டிப் பருப்போ, சுமார் 8. இரவு ஒரு டம்ளர் பால், 6. இப்போது 63. முட்டை சாப்பிடாதவர்கள் சோயா, பனீர், சுண்டல் என்று மாற்றிக்கொள்ளலாம். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

12 வாரம் கழித்து அதே நாற்காலியில் பார்த்தபோது 13 விநாடி. இன்னும் 12 விநாடிக்குக் கீழே வரவில்லை. கெண்டைக்கால் அளவும் மாறவில்லை, பலம் முதலில் ஏறும், தசையின் அளவு மெதுவாகத்தான் வரும். பையில் அரிசி இப்போது மூன்று கிலோ.