அன்புள்ள சித்திக்கு, இப்படிக்கு மகள்: கடிதத்தின் விளியும் முடிப்பும் பொருந்த எழுதுவது எப்படி?

வீட்டுக் கடிதம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே நிற்பார்கள். "அன்புள்ள" என்று எழுதிவிட்டு, அதற்கப்புறம் என்ன போடுவது? அதைத் தாண்டினால் கடைசி வரியில் மறுபடியும் சிக்கல். "இப்படிக்கு" போட்ட பிறகு "தங்கள்" என்பதா, "உங்கள்" என்பதா? "அன்புள்ள" என்பதா, "உண்மையுள்ள" என்பதா? இரண்டையும் தனித்தனியாக யோசிப்பதால்தான் இந்தக் குழப்பம். விளியும் முடிப்பும் ஒரே வாக்கியத்தின் இரண்டு முனைகள். "இன்னாருக்கு இன்னார் எழுதியது" என்பதுதான் அந்த வாக்கியம். நடுவில் நாலு பக்கம் செய்தி வருவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இடம், நாள், உறைமேல் முகவரி எல்லாம் பள்ளியிலேயே படித்தவை என்பதால் விட்டுவிடுகிறேன்.

படி 1: உறவை இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள்

கடிதத்தைத் தொடங்குமுன் ஒரு துண்டுத்தாளில் இரண்டே வரி எழுதுங்கள். மேல்வரியில் பெறுபவர் உங்களுக்கு என்ன உறவு, கீழ்வரியில் நீங்கள் அவருக்கு என்ன உறவு. அப்பா என்றால் மகன் அல்லது மகள். அண்ணன் என்றால் தம்பி அல்லது தங்கை. தாத்தா, பாட்டி என்றால் பேரன் அல்லது பேத்தி. இதுவரை யாரும் தவறுவதில்லை.

தவறுவது சித்தி, சித்தப்பா, பெரியம்மா, பெரியப்பா ஆகியோருக்கு எழுதும்போதுதான். "உங்கள் அக்கா மகள் கவிதா" என்று சித்திக்கு முடிப்பவர்கள் உண்டு. விவரம் சரி, ஆனால் முறை அது இல்லை. அம்மாவின் தங்கை சின்ன அம்மா. அவளுக்கு நீங்கள் மகள்தான். அதே போல அப்பாவின் அண்ணன் தம்பிகளுக்கும் நீங்கள் மகன் அல்லது மகள். "அக்கா மகள்" என்று போட்டால், சித்தி என்று மேலே அழைத்த வாயாலேயே கீழே ஒரு படி தள்ளி நின்றது போல ஆகிவிடும். படிக்கிறவருக்கு அது உறுத்தும்.

மாமாவும் அத்தையும் வேறு கணக்கு. அம்மாவின் அண்ணன் தம்பிக்கும் அப்பாவின் அக்கா தங்கைக்கும் நீங்கள் மருமகன் அல்லது மருமகள். கணவரின் அப்பாவும் மாமாதான், அவருக்கும் மருமகள்தான். சொல் ஒன்றே என்பதால் தயங்க வேண்டாம். இரண்டு மாமாக்கள் ஒரே வீட்டில் இருந்தால் பெயரையோ ஊரையோ மேலே சேர்த்துக்கொண்டால் போதும்.

நண்பர்களுக்கு இந்த வேலை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சொல்: நண்பனுக்கு நண்பன், தோழிக்குத் தோழி.

இந்தப் பொருத்தத்தை மேடைக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. அண்ணா 1955 முதல் 'திராவிட நாடு' இதழில் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்கள் "தம்பி!" என்று தொடங்கும், கீழே "அண்ணன்" என்று முடியும். கட்சித் தலைவர் என்ற சொல் எந்த முனையிலும் இல்லை. கருணாநிதி "உடன்பிறப்பே" என்று தொடங்கி "அன்புள்ள, மு.க." என்று முடித்தார். உடன்பிறப்பு என்பதில் மூத்தவர் இளையவர் இல்லாததால் கீழேயும் உறவுச்சொல் வேண்டியிருக்கவில்லை.

படி 2: உன், உங்கள், தங்கள் – ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாதீர்கள்

மேலே "அன்புள்ள அம்மாவுக்கு" என்று எழுதி, நடுவில் "நீ எப்படி இருக்கிறாய்" என்று கேட்டு, கீழே "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்" என்று முடித்தால் மூன்று பேர் சேர்ந்து எழுதிய கடிதம் போல இருக்கும். வீட்டில் அம்மாவை "நீ" என்று கூப்பிடுகிறவர் "உன் அன்பு மகன்" என்றே முடிக்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. பேச்சில் "நீங்க" என்றால் கடிதத்தில் "உங்கள்". விளியில் "அவர்களுக்கு" சேர்த்தால் மட்டும் "தங்கள்" என்று போங்கள்: "அன்புள்ள மாமா அவர்களுக்கு" என்றால் "தங்கள் அன்பு மருமகன்."

"தாங்கள்" என்பது எழுவாய், "தங்கள்" என்பது உடைமை. "தாங்கள் நலமா?" சரி. "தாங்கள் அன்புள்ள மகன்" தவறு. கைபேசியில் தட்டும்போது இரண்டும் பரிந்துரையில் அடுத்தடுத்து வந்து நிற்கும், கடைசி வரியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 3: அன்புச் சொல்லும் ஒற்றும்

அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். "அன்புள்ளத் தம்பிக்கு" என்று எழுதுவது தவறு. "அன்புள்ள", "பாசமுள்ள", "பிரியமான", "அன்புமிக்க", "மதிப்பிற்குரிய" எல்லாம் பெயரெச்சமாக நிற்பவை. அவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தாலும் ஒற்று மிகாது: அன்புள்ள தம்பிக்கு, அன்புள்ள சித்திக்கு, பிரியமான தோழிக்கு.

"அன்பு" என்று பெயரை மட்டும் போட்டால் மிகும்: அன்புத் தம்பிக்கு, அன்புத் தங்கைக்கு, அன்புச் சித்திக்கு. மகன், அண்ணன் போன்றவை வல்லினத்தில் தொடங்குவதில்லை, அதனால் "அன்பு மகன்", "அன்பு அண்ணன்" என்று அப்படியே இருக்கும். இலங்கையில் பரவலாக எழுதும் "அன்பின்" என்ற தொடக்கத்துக்கும் ஒற்று வேண்டாம்: அன்பின் தம்பிக்கு.

அடுத்து, "அப்பாவுக்கு" என்பதா, "அப்பா" என்று விளிப்பதா? இரண்டும் வழக்கில் உள்ளன. என் விருப்பம், பெரியவர்களுக்கு "-க்கு" போடுவது. அது கீழே வரும் "இப்படிக்கு மகன்" என்பதோடு சரியாகப் பூட்டிக்கொள்ளும். நண்பனுக்கும் தம்பி தங்கைக்கும் நேரே கூப்பிடுவது உயிரோட்டமாக இருக்கும்: "அன்பு நண்பா", "அன்புத் தங்கையே."

பழைய கடிதங்களில் வரும் "சிரஞ்சீவி" பெரியவர் சிறியவருக்கு மட்டும் எழுதுவது. அதை விளியாக வைத்தால் முடிப்பு "ஆசிகளுடன்" என்று போக வேண்டும், "வணக்கத்துடன்" அல்ல.

படி 4: நலம், பிறகு நிற்க

"இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல்." இந்த இரண்டு வாக்கியம் எந்தக் காலத்திலும் பழுதில்லை. சுருக்கமாக "நலம், நலமறிய ஆவல்" என்றும் எழுதலாம். அதற்குப் பிறகு "நிற்க" என்று ஒரு சொல் போட்டால் நலம் விசாரிப்பு முடிந்து செய்தி தொடங்குகிறது என்று பொருள். துக்கம் விசாரிக்கும் கடிதத்தில் மட்டும் இதை எழுதவே கூடாது. இழவு நடந்த வீட்டில் போய் நலமறிய ஆவல் என்பது மனத்தைப் புண்படுத்தும். அங்கே விளிக்குப் பிறகு நேராகச் செய்திக்குப் போய், "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று முடியுங்கள்.

படி 5: முடிப்பு

இங்கே நேரும் கோளாறு, எல்லாவற்றையும் அடுக்குவது. "இப்படிக்கு, என்றும் அன்புடன், தங்கள் அன்புள்ள" என்று மூன்றும் வந்தால் அன்பு இருமுறை வந்து நீர்த்துப்போகும். கீழே உள்ள மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால் போதும்.

"இப்படிக்கு" என்றால் அடுத்த வரியில் உறவுச்சொல் வர வேண்டும், அதன் கீழே பெயர். "அன்புடன்" என்றால் நேராகப் பெயர் வரலாம். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: கடைசி வாக்கியமே கையெழுத்துக்குள் போய் முடிவது. "உங்கள் பதிலை எதிர்பார்க்கும் அன்பு மகள், கவிதா." இதில் "இப்படிக்கு" தேவையே இல்லை.

விளியில் "அன்புள்ள" போட்டிருந்தால் கீழேயும் அன்பு, "மதிப்பிற்குரிய ஐயா" என்றால் கீழே "தங்கள் உண்மையுள்ள." அலுவலகக் கடிதத்துக்கு இவ்வளவு போதும்.

தாள் பற்றி ஒரு சொல். இன்லண்ட் லெட்டரை விட வெள்ளைத்தாளும் உறையும் நல்லது. இன்லண்டில் செய்தி நீண்டதும் முடிப்பை ஓர மடிப்பில் திணிப்பார்கள், பிரிக்கும்போது பெயரோடு கிழிந்துவிடும். அதில்தான் எழுதுவேன் என்றால் கடைசிப் பக்கத்தில் முடிப்புக்கு நாலு வரி இடத்தை முதலிலேயே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கடிதம்: திருத்துமுன், திருத்தியபின்

கல்லூரி விடுதியில் இருக்கும் கவிதா தஞ்சாவூரில் உள்ள சித்திக்கு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து இப்படி:

> அன்புள்ளச் சித்தி அவர்களுக்கு,
> நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய பணம் கிடைத்தது...
> இப்படிக்கு, அன்புடன்,
> தங்கள் உண்மையுள்ள அக்கா மகள்,
> கவிதா

"அன்புள்ள" பின் ஒற்று தேவையில்லாமல் வந்திருக்கிறது. "அவர்களுக்கு", "நீ", "தங்கள்" மூன்றும் ஒன்றோடொன்று சேரவில்லை. "உண்மையுள்ள" அலுவலகத்துக்கு உரியது. "அக்கா மகள்" முறை இல்லை. கவிதா வீட்டில் சித்தியை "நீங்க" என்றுதான் கூப்பிடுகிறாள், ஆகவே:

> அன்புள்ள சித்திக்கு,
> இங்கு நான் நலம். அங்கு நீங்களும் சித்தப்பாவும் நலமா? நிற்க. நீங்கள் அனுப்பிய பணம் கிடைத்தது. தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். மற்றவை நேரில்.
> இப்படிக்கு,
> உங்கள் அன்பு மகள்,
> கவிதா

சரிபார்க்க நடுவில் உள்ளதைக் கையால் மூடிக்கொண்டு மேலையும் கீழையும் மட்டும் சேர்த்துப் படியுங்கள்: "அன்புள்ள சித்திக்கு, உங்கள் அன்பு மகள் கவிதா." தடங்கலின்றி ஒரே வாக்கியமாக ஓடினால் கடிதத்தை உறையில் போடலாம்.

பின்சேர்க்கை

உறவுச்சொல் இல்லாமல் எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதலாம், ஆனால் அப்படிப்பட்ட கடிதம் யாருக்கும் பொருந்திவிடும். சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனை "அடிகள்" என்று விளித்து ஓலை எழுதுகிறாள். மாதவி என்றோ கோவலன் என்றோ அதற்குள் பெயரும் இல்லை. கோவலன் அதைப் படித்துவிட்டு, இந்தச் சொற்கள் தன் பெற்றோருக்குத் தான் சொல்ல வேண்டியதற்கும் ஏற்றவையாக இருக்கின்றன என்று அதே ஓலையை அவர்களிடம் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தனுப்பிவிடுகிறான்.

கணவன் மனைவிக்கு எழுதும்போது என்ன போடுவது என்றும் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கூப்பிடும் சொல்லையே மேலே வையுங்கள், அத்தான் என்றால் "அன்புள்ள அத்தானுக்கு." கீழே "உங்கள்" அல்லது "உன்" என்று மட்டும் எழுதிப் பெயரைப் போட்டால் போதும். "மனைவி", "கணவன்" என்ற சொல்லை எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.