பக்கத்து மாடி மழைத்தண்ணி எங்க சுவத்துல விழுந்தப்போ நான் என்ன பண்ணேன்

மூணு மழைக்காலமா எங்க பெட்ரூம் சுவர் ஓதம் பிடிச்சு பெயிண்ட் உரிஞ்சுட்டே இருந்துச்சு, ரெண்டு தடவை பூசியும் நிக்கல, அப்புறம்தான் மழையில நின்னு பாத்தேன், பக்கத்து மாடி பைப் காம்பவுண்டு தாண்டி எங்க பக்கம் கொட்டுது.

கேட்டா அந்த அண்ணன், "வீடு கட்டுனதுலேர்ந்து இப்படித்தானப்பா விழுது"ன்னார். எனக்கு அதுதான் பயமே, ஏன்னா அடுத்தவங்க இடத்தைப் பயன்படுத்திக்கிற உரிமை பத்தின 1882 ஈஸ்மென்ட் சட்டப்படி 20 வருஷம் தடையில்லாம வெளிப்படையா உரிமை மாதிரி விட்டுட்டா, தண்ணி விடறது அவங்க உரிமையாவே ஆயிடலாம். அவர் வீடு 2009ல கட்டினது, அதனால இன்னும் டைம் இருந்துச்சு.

மழை பெய்யும்போதே தேதியோட வீடியோ எடுத்தேன், பைப்பை மாத்தச் சொல்லி ஒரு பக்க லெட்டர் எழுதி ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல அனுப்பினேன். கேஸ்னு போனா சிவில் கோர்ட்ல தடை உத்தரவு கேக்க இதெல்லாம் வேணும், வாய்ல சொன்னது நிக்காது.

லெட்டர் போனதும் அவரே வந்தார். ரெண்டு பேரும் பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு எல்போ போட்டு பைப்பை அவங்க மழைநீர் சேகரிப்புக் குழிக்கே திருப்பினோம், அந்தக் குழி தூர்ந்து கிடந்ததாலதான் பைப்பை இந்தப் பக்கம் விட்டிருக்காங்க. சுவர் நல்லா காஞ்ச பிறகுதான் பூசணும், நான் ஒரு கோடை முழுக்க விட்டேன்.