மேனேஜர் சொன்னதே பிரச்சினை ஆகிவிடாது: கேஸ் ஸ்டடி விடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் பி.காம், எம்.பி.ஏ. படிக்கிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். கேஸ் ஸ்டடிக்கு விடை எழுதும் முறையைச் சொல்லித்தர, நானே உருவாக்கிய ஒரு கேஸை ஒவ்வொரு வருடமும் கொடுப்பேன். அதில் வரும் எண்கள் எல்லாம் பயிற்சிக்காக வைத்தவை. எழுதுகிறவர்களில் பாதிப்பேர் முதல் பத்தியிலேயே வழி தவறிவிடுகிறார்கள்.

கேஸ் இதுதான்: சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலை. நாளுக்கு 12,000 கிலோ இலை அரைக்கலாம். போன வருடம் 10,200 கிலோ வந்தது, இப்போது வருவது 8,000. இலை போட்ட 320 பேரில் 70 பேர் நின்றுவிட்டார்கள். தொழிற்சாலை கிலோவுக்கு 20 ரூபாய் தருகிறது, ஆனால் தூள் குன்னூர் ஏலத்தில் விற்றுப் பணம் வந்த பிறகு, அதாவது 45 நாள் கழித்து. நின்றவர்களில் பெரும்பாலானோர் ஏஜெண்டுகளிடம் போய்விட்டார்கள். ஏஜெண்ட் தருவது 19 ரூபாய்தான், ஆனால் வாராவாரம் கையில் கொடுத்துவிடுகிறார். தொழிற்சாலைத் தூளின் ஏல விலை சுற்றுவட்டாரச் சராசரியை ஒட்டியே இருக்கிறது. மேனேஜர் சொல்வது இது: "இலைத் தட்டுப்பாடுதான் பிரச்சினை. 60 லட்சம் கடன் வாங்கி, இலை அரைக்கும் புது சி.டி.சி. மெஷின் போடுவோம். தூள் தரம் ஏறும், இலைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்." நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

பெரும்பாலான தாள்கள் "இங்குள்ள முக்கியப் பிரச்சினை இலைத் தட்டுப்பாடு" என்று தொடங்கும். கேட்டால், "சார், மேனேஜரே அதைத்தானே சொல்றாரு?" என்பார்கள். இலை குறைந்தது வெளியே தெரியும் அறிகுறி. காய்ச்சல் என்று எழுதிவிட்டு நோயைக் கண்டுபிடித்ததாக நினைப்பது போன்ற தவறு இது. மேனேஜர் சொல்வதும் கேஸில் ஒரு தகவல்தான். மற்றத் தகவல்களோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அதை ஏற்கலாம். விலை பிடிக்காமல் போனவர்கள் ஒரு ரூபாய் குறைத்துத் தருகிறவரிடம் ஏன் போகிறார்கள்? கேஸ் முழுவதும் நிற்பது அந்த 19 ரூபாயின் மேல். விவசாயி விலையில் ஒரு ரூபாயை விட்டுக்கொடுத்து, சீக்கிரம் கிடைக்கும் பணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே பிரச்சினையை இப்படி எழுத வேண்டும்: "பணம் 45 நாள் தாமதமாவதால் விவசாயிகள் விலகுகிறார்கள், அந்தத் தாமதத்தைக் கட்டுப்படியாகும் செலவில் எப்படிக் குறைப்பது?" காரணமும் எடுக்க வேண்டிய முடிவும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

போன வருடம் இதைப் பேசும்போது ஒரு மாணவி எழுந்து, "எங்க வீட்லயும் ஏஜெண்டுக்குத்தான் சார் போடுறோம். சனிக்கிழமை ஆனா பறிக்க வந்தவங்களுக்குக் கூலி கொடுக்கணுமே" என்றாள். காரணத்தின் வேரையே பிடித்துவிட்டாள். ஆனால் அந்தக் கூலி விவரம் கேஸில் இல்லை. இப்படி நம் ஊர் அனுபவத்திலிருந்து கொண்டுவருவதை விடையில் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். "கூலி வாரக் கணக்கில் கொடுப்பதாக எடுத்துக்கொள்கிறேன்" என்று அனுமானமாகக் குறித்துவிட வேண்டும். குறிக்காமல் எழுதினால், திருத்துகிறவர் அதைக் கேஸில் தேடிப் பார்த்துவிட்டு அடித்துவிடுவார்.

அடுத்தது பகுப்பாய்வு. கேஸில் உள்ளதையே வேறு வார்த்தையில் ஒன்றரைப் பக்கம் திருப்பிச் சொல்வதும், பலம், பலவீனம் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புவதும்தான் இங்கே வழக்கமான தவறு. கட்டத்தை நிரப்பியவர் அடுத்த பக்கத்தில் அதைத் தொடவே மாட்டார். நீங்கள் எழுதிய ஒரு வரியை நீக்கிப் பாருங்கள். பரிந்துரை கொஞ்சமும் மாறவில்லை என்றால் அந்த வரி தேவையில்லை. "ஏல விலை சராசரியை ஒட்டியே இருக்கிறது" என்ற வரியை நீக்கினால், தரம் ஏற வேண்டும் என்ற மேனேஜரின் வாதத்தை மறுக்க வழியில்லாமல் போகும். அது இருக்க வேண்டிய வரி.

கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஒரு கிலோ தூளில், இலை விலையும் மற்ற மாறும் செலவுகளும் போக 13.50 ரூபாய் மிஞ்சுகிறது என்று கேஸ் சொல்கிறது. பலர் அதை அப்படியே இலைக் கிலோவால் பெருக்கிவிடுகிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ இலை என்றும் கேஸில் இருக்கிறது. அப்படியானால் ஒரு கிலோ இலைக்கு மிஞ்சுவது 3 ரூபாய்தான்.

மாற்று வழிகள் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது பொம்மை வழிகள். தனக்குப் பிடித்த ஒன்றை எழுதிவிட்டு, "தொழிற்சாலையை மூடிவிடலாம்", "எதுவும் செய்யாமல் இருக்கலாம்" என்று தோற்பதற்கென்றே இரண்டைச் சேர்ப்பார்கள். நிர்வாகம் உண்மையாகவே யோசிக்கக்கூடிய வழிகளாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்கவும் வேண்டும். இங்கே அளவுகோல் இரண்டு போதும்: வருடச் செலவு எவ்வளவு, தாமதம் குறைகிறதா.

புது மெஷினுக்கு 60 லட்சம். போனவர்கள் அத்தனை பேரும் திரும்பினாலும் 10,200 கிலோதான். இருக்கிற மெஷினே 12,000 அரைக்கும். தாமதமும் அப்படியே இருக்கும். இலைக்கு 2 ரூபாய் கூட்டிக் கொடுத்தால், மாதம் 25 நாள், நாளுக்கு 8,000 கிலோ என்ற கணக்கில் மாதம் 4 லட்சம், வருடத்துக்கு 48 லட்சம். அப்போதும் தாமதம் தீராது. மூன்றாவது வழி, முழுப் பணத்தையும் 15 நாளில் கொடுப்பது. மாத இலைப் பணம் 40 லட்சம், 30 நாள் முன்னதாகக் கொடுக்க அதே அளவு நடைமுறை மூலதனக் கடன் வேண்டும். கேஸில் உள்ள 12 சதவீத வட்டியில் வருடம் 4.8 லட்சம். நாலாவது வழி, பாதிப் பணத்தை வாராவாரம் கொடுத்து மீதியை 45 நாளில் தீர்ப்பது. அதற்குச் சுமார் 25 லட்சம் கடன், வட்டி 3 லட்சம். இதில் ஒரு குறை இருக்கிறது: ஒவ்வொரு விவசாயிக்கும் இரண்டு கணக்கு வைக்க வேண்டும், ஆபீஸ் வேலை கூடும். தேர்ந்தெடுக்கும் வழியின் குறையை மறைக்காமல் எழுதுங்கள்.

கடைசி இரண்டில் எதைப் பரிந்துரைத்தாலும் நான் மதிப்பெண் தருவேன். தர முடியாதது, "மேற்கண்ட அனைத்தையும் படிப்படியாகச் செயல்படுத்தலாம்" என்ற முடிவுக்கு. நாலு வழியை எடைபோட்டுவிட்டு நாலையும் எடுத்துக்கொண்டால் எடைபோட்டதே வீண். "நிர்வாகம் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்பதும் அதே ரகம். யார், என்ன, எப்போது, எவ்வளவு என்பது இருக்க வேண்டும். முடிவு தவறானால் அது எப்படித் தெரியும் என்பதும் வேண்டும். இதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

இந்தக் கேஸுக்கு நான் எழுதிக் காட்டும் பரிந்துரை இது:

"மெஷின் வாங்குவதைத் தள்ளிவைத்து, அடுத்த மாதம் முதல் இலைப் பணத்தில் பாதியை வாரந்தோறும் கொடுக்க வேண்டும். இதற்கான 25 லட்சம் கடனுக்குக் கணக்குப் பிரிவு இந்த மாதமே விண்ணப்பிக்க வேண்டும். வருட வட்டி 3 லட்சம். கிலோ இலைக்கு 3 ரூபாய் மிஞ்சுவதால், நாளுக்குச் சுமார் 333 கிலோ கூடுதல் இலை வந்தால் வட்டி ஈடாகிவிடும். ஒரு விவசாயி சராசரியாக 32 கிலோ போடுவதால், நின்ற 70 பேரில் 11 பேர் திரும்பினால் போதும். மூன்று மாதத்தில் அத்தனை பேர் திரும்பவில்லை என்றால், தாமதமே காரணம் என்ற நம் முடிவு தவறு. நின்றவர்களை நேரில் கேட்டுவிட்டு அடுத்த முடிவை எடுக்க வேண்டும்."