கைமாறிய துணி: முதல் வாளியிலேயே நடக்கும் தவறுகள்

யாரோ போட்ட துணி கைக்கு வந்ததும், கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் அமுக்கிவிட்டால் கிருமி போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பருத்திச் சட்டை அதைத் தாங்கும், கம்பளி ஸ்வெட்டர் தாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் கறை. பழைய இரத்தக் கறையும் வியர்வைக் கறையும் புரதம். சூடு பட்டால் முட்டையின் வெள்ளைக்கரு போல இறுகி, நூலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எத்தனை முறை துவைத்தாலும் மஞ்சள் தடம் நிற்கும். அதனால் எந்தத் துணிக்கும் முதல் வாளி பச்சைத் தண்ணீர்தான். அரை மணி நேரம் ஊறட்டும். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். உள்தையலை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

அடுத்த தவறு, என்ன துணி என்று தெரியாமல் சூட்டை முடிவு செய்வது. லேபிள் இருந்தால் தொட்டிப் படத்துக்குள் இருக்கும் எண்ணே உச்சவரம்பு. எண்ணுக்குப் பதில் புள்ளிகள் இருந்தால் ஒன்று 30 டிகிரி, இரண்டு 40, மூன்று 50, நான்கு 60. பழைய துணிகளில் பெரும்பாலும் லேபிளை வெட்டியிருப்பார்கள். அப்போது உள்தையல் ஓரத்தில், தைத்த நூலை அல்ல, துணியின் இழை ஒன்றைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையும் மென்மையான சாம்பலும் வந்தால் பருத்தி, லினன் அல்லது ரேயான். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர், நைலான் வகை.

பருத்தியும் லினனும் 60 டிகிரியைத் தாங்கும். கிருமிக்கும் தோல் பூஞ்சைக்கும் நம்பகமான சூடும் அதுதான். பாலியஸ்டருக்கும் நைலானுக்கும் 40 போதும், அதற்கு மேல் போனால் விழுந்த சுருக்கம் அப்படியே நின்றுவிடும். இழுபடும் ஸ்பான்டெக்ஸ் கலந்திருந்தால் 40-க்கு மேல் விறைப்பு போய்த் தொளதொளத்துவிடும். நனைந்த ரேயானுக்கு வலு குறைவு, அதனால் 30 டிகிரியில், முறுக்காமல் துவைக்க வேண்டும். கம்பளிக்கும் பட்டுக்கும் 30-தான். கலப்புத் துணியில் எது மிகக் குறைவாகத் தாங்குமோ அதுவே கணக்கு. கோட்டின் உட்துணியும், காலருக்குள் ஒட்டியிருக்கும் பசைத் துணியும் இந்தக் கணக்கில் சேரும். பசை இளகினால் காலரில் கொப்புளம் எழும்.

வெப்பமானி இல்லையென்றால், சாதாரணத் தண்ணீர் 25 டிகிரி அளவில் இருக்கும்போது, கொதிநீரும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 60 வரும். ஒரு பங்கு கொதிநீருக்கு நான்கு பங்கு தண்ணீர் என்றால் 40. கலந்த பிறகுதான் துணியைப் போட வேண்டும்.

லேபிளில்லாத ஒரு கம்பளி ஸ்வெட்டரை எடுத்துக்கொள்வோம். துவைக்கும்போது சூடு கொடுக்க முடியாது. சூடு செய்யாத வேலையை நாள்களிடம் விட வேண்டியதுதான். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வையுங்கள். சொறி உண்டாக்கும் பூச்சியும் உடல் பேனும் மனித உடம்பு இல்லாமல் அதற்குள் செத்துவிடும். மூட்டைப்பூச்சி மட்டும் இதற்கு மசியாது, மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அந்தச் சந்தேகம் வந்தால் ஸ்வெட்டரைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது.

பிறகு, பச்சைத் தண்ணீரில் ஊறிய ஸ்வெட்டரை 30 டிகிரி தண்ணீர் 5 லிட்டரில், கம்பளிக்கான திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி கலந்து, பத்து நிமிடம் அமுக்கி அமுக்கி எடுங்கள். தேய்க்கக் கூடாது. கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பெரியவர் ஸ்வெட்டர் குழந்தை அளவுக்கு வந்துவிடும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். காய்ந்ததும் மேலே ஈரத் துணி போட்டு நீராவி இஸ்திரியை அழுத்தி அழுத்தி எடுத்தால், கடைசிச் சுத்தம் முடிந்தது.

40 டிகிரிதான் தாங்கும் பாலியஸ்டருக்கு, கிருமியைப் போக்கப் பொடியாக வரும் ஆக்சிஜன் பிளீச் உதவும். 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசலாம். ஊறும் பாத்திரத்தை மூடி போட்டு இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். கம்பளிக்கும் பட்டுக்கும் இதன் காரம் ஆகாது. குளோரின் பிளீச் அவற்றை அரித்தே தீர்க்கும், ஸ்பான்டெக்ஸையும் கெடுக்கும்.

வினிகரை நம்பி உட்காருவதும் தவறுதான். நாற்றம் குறையும், ஆனால் கிருமி சாகும் என்ற உறுதி இல்லை. அதைக் குளோரின் பிளீச்சோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஃப்ரீசரில் வைத்தாலும் பாக்டீரியா உறங்குமே தவிர சாகாது. துணியில் கடைசிவரை பழைய வாசனை நின்றால் சோப்பை இன்னும் கொட்டாதீர்கள். பல நேரம் அது முன்பு போட்ட சோப்பும் வாசனைத் திரவமும் படிந்ததுதான். சோப்பே இல்லாமல் இன்னும் இரண்டு முறை அலசிப் பாருங்கள். அலசும் தண்ணீரில் நுரை வந்தால் அதுதான் காரணம்.