விற்காத லாபம், விற்க விடாத வரி: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

சமீபத்தில் ஒருவர் தன் முதலீட்டுக் கணக்கைத் திறந்து என் முன்னால் வைத்தார். பத்துப் பங்குகள் இருந்தன. அதில் ஒன்று மட்டும் வாங்கிய விலையைவிட நான்கு மடங்காகி, மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் அதிலேயே நின்றது. "இந்த நிறுவனத்தின் மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை சார், ஒரு வருடமாகவே இல்லை" என்றார். அப்புறம் ஏன் விற்கவில்லை? "விற்றால் வரி கட்ட வேண்டுமே."

இதே பதிலை இதே குரலில் நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ரசீதைத் தொலைப்பது, கடைசி நாளில் கணக்கு தாக்கல் செய்வது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் அவற்றைத் தொடவில்லை.

விற்காத லாபத்துக்கு வரி இல்லை என்பதைச் சலுகை என்று நினைப்பது

100க்கு வாங்கிய பங்கு இன்று 400க்குப் போகிறது. 300 லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பெரும்பாலான நாடுகளில் விற்கும் நாள் வரை வரித்துறை அதைக் கேட்பதில்லை. இதற்குப் பின்னால் இருப்பது பெருந்தன்மை அல்ல, நடைமுறைச் சிக்கல்.

முதல் சிக்கல், பணம். லாபம் விலையில் இருக்கிறதே தவிரக் கையில் இல்லை. வரி கட்டுவதற்காகவே பங்கையோ நிலத்தையோ விற்க வைப்பது கொடுமை. இரண்டாவது, மதிப்பு. பங்குச் சந்தையில் தினமும் விலை தெரியும். ஒரு வீட்டுக்கோ, நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனத்துக்கோ ஒவ்வொரு வருடமும் யார் விலை சொல்வது? விற்பனை நடக்கும்போதுதான் யாரும் மறுக்க முடியாத ஒரு விலை கிடைக்கிறது. மூன்றாவது, இந்த வருடம் ஏறியது அடுத்த வருடம் இறங்கலாம். அப்போது வாங்கிய வரியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1920இல் ஒரு வழக்கில், ஒரு நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவைப் பணமாகத் தராமல் பங்காகவே தந்தால் அது வருமானம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. பங்குகளின் எண்ணிக்கை கூடியதே தவிர, முதலீட்டிலிருந்து எதுவும் பிரிந்து உரிமையாளரின் கைக்கு வரவில்லை என்பதே வாதம். ‘கைக்கு வந்தால்தான் வருமானம்’ என்ற எண்ணத்தின் வேர் இங்கே தெளிவாகத் தெரிகிறது. மேலே சொன்ன சிக்கல்கள் இல்லாத இடத்தில் விதியும் மாறுகிறது. அதே அமெரிக்காவில், பின்னொரு தேதியில் நடக்கும் வியாபாரத்துக்கு இன்றே விலை பேசும், சந்தையில் தினமும் விலை தீர்மானமாகும் சில வகை எதிர்கால ஒப்பந்தங்களை வருடக் கடைசியில் விற்றதாகவே வைத்து வரி போடுகிறார்கள்.

வரி முழுவதையும் விற்பதற்கான செலவாகக் கணக்கிடுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். நிதானமாகவே சொல்கிறேன்.

வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100க்கு வாங்கி 400 ஆன பங்கை விற்றால் 300 லாபத்துக்கு 60 வரி. கையில் 340. புதியவர் இங்கே போடும் கணக்கு இப்படிப் போகும்: "400 இருந்த இடத்தில் 340தான் இருக்கிறது. புதிதாக வாங்குவது 17 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் பழைய 400ஐத் தொடுவேன். அதற்கு இதையே வைத்திருக்கலாம்."

இந்தக் கணக்கு தவறு. வைத்திருந்தாலும் அந்த 60 அவருடையது அல்ல. அது என்றோ ஒரு நாள் போக வேண்டிய பணம். விற்பதால் அந்த நாள் முன்னால் வருகிறது, அவ்வளவுதான். அப்படியானால் விற்பதன் உண்மையான செலவு என்ன? அந்த 60 இன்னும் சில காலம் நம்மிடம் இருந்து சம்பாதித்திருக்கக் கூடிய தொகை.

ஒரு வருடத்துக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். பழைய பங்கு, புதிய பங்கு இரண்டுமே 6 சதவீதம் வளர்கின்றன. ஈவு, தரகு எதுவும் இல்லை. பழையதை வைத்திருந்தால் 400 என்பது 424 ஆகிறது. அப்போது விற்றால் 324 லாபத்துக்கு 64.80 வரி, கையில் 359.20. இன்றே விற்று மாறினால் 340 என்பது 360.40 ஆகிறது. 20.40 லாபத்துக்கு 4.08 வரி, கையில் 356.32. வித்தியாசம் 2.88. அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: 60க்கு 6 சதவீதம் 3.60, அதில் வரி போக மீதி 2.88. அறுபது போய்விடும் என்று பயந்தவர் உண்மையில் இழப்பது மூன்றுக்கும் குறைவு.

எனவே அவர் கேட்க வேண்டிய கேள்வி, புதியது எவ்வளவு கூடுதலாக வளர்ந்தால் சமமாகும் என்பது. ஒரு வருடக் கணக்கில் புதியது சுமார் 7.1 சதவீதம் வளர்ந்தால் போதும். திருப்பியும் சொல்லலாம்: பழைய பங்கு 6க்குப் பதில் 5 சதவீதம் வளர்ந்தாலே, வரியைத் தள்ளிப்போட்டதால் வந்த நன்மை காணாமல் போய்விடும்.

தள்ளிப்போடுவதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே 6 சதவீதத்தில் பத்து வருடம் ஓடவிட்டால், வைத்திருந்தவர் கையில் வரி போக சுமார் 593 இருக்கும்; மாறியவர் கையில் சுமார் 555. கட்டாமல் தள்ளிப்போட்ட வரி, அரசு தந்த வட்டியில்லாக் கடன் மாதிரி; இந்த 38தான் அதன் பலன். அது உண்மையான பணம். ஆனால் அங்கேயும் புதிய முதலீடு வருடத்துக்கு 6.8 சதவீதம் வளர்ந்தால் சமமாகிவிடும். வைத்திருக்கும் காலம் நீள நீளத் தாண்ட வேண்டிய உயரம் குறைகிறது. வருடத்துக்கு ஒரு சதவீதத்தை ஒட்டிய இந்த இடைவெளிதான் நம்மைப் பழைய பங்கிலேயே பிடித்து வைக்கும் பூட்டு. சாவியே இல்லாத பூட்டு அல்ல. கணக்குப் போடாதவருக்கு அப்படித் தெரிகிறது.

என் கதைக்கு வருகிறேன். இதே விகிதத்தில், 100க்கு வாங்கி 400 ஆன ஒரு பங்கு என்னிடம் இருந்தது. நிறுவனத்தின் கடன் ஏறிக்கொண்டிருந்தது. லாபம் கூடுவதாகச் சொன்னார்கள், ஆனால் வியாபாரத்திலிருந்து வரும் ரொக்கம் வருடா வருடம் குறைந்தது. அதை நானே பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தேன். இருந்தும் 60 வரி கட்ட மனம் வரவில்லை. கடைசியில் 180க்கு விற்றேன். வரி 16 ஆகக் குறைந்தது. 44 மிச்சம். ஆனால் 340 வந்திருக்க வேண்டிய கையில் 164 வந்தது. பல வருடம் ஆகியும் அந்தத் தாளில் போட்ட வட்டம் எனக்கு மறக்கவில்லை.

இப்போது யாராவது வரிக்காக விற்காமல் இருக்கிறேன் என்று சொன்னால் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "வரி கட்டி முடித்த 340 உங்கள் கையில் ரொக்கமாக இருந்தால், இன்று இந்தப் பங்கை வாங்குவீர்களா?" வேறொன்று வருடத்துக்கு அரை சதவீதமோ ஒரு சதவீதமோதான் கூடுதலாக வளரும் என்று தோன்றினால் இதையே வைத்திருக்கலாம். சுத்தமாகப் பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம்.

400ஐத் தன் சொத்து என்று எழுதுவது

340 என்று எழுதுங்கள்.

விகிதம் குறைவதையும் நாள் தள்ளுவதையும் ஒன்றாக நினைப்பது

காத்திருப்பது நியாயமாகும் இடமும் உண்டு. பல நாடுகளில் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரி விகிதமே குறைகிறது. அந்தத் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, 30 சதவீதம் 20 ஆகப் போகிறது என்றால், 300 லாபத்தில் 30 நிரந்தரமாக மிச்சமாகிறது. ஒரு மாதக் காத்திருப்புக்கு அது மிகப் பெரிய தொகை. மேலே பார்த்த 60 அப்படி அல்ல, அது தள்ளிப்போகிறது மட்டுமே. இரண்டையும் ‘வரி மிச்சம்’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம்.

விற்கும் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரி கட்டுபவரிடம் இருந்தால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு அமெரிக்காவின் 1986ஆம் வருடமே சாட்சி. நீண்டகால ஆதாயத்துக்கான உச்ச வரி விகிதம் 1987இல் 20லிருந்து 28 சதவீதமாக உயரும் என்று தெரிந்ததும், 1986இல் விற்று எடுக்கப்பட்ட லாபம் பெருமளவு எகிறியது. உயர்வு அமலுக்கு வந்தபின் விழுந்தது. நிறுவனங்களின் தரம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. நாட்காட்டிதான் மாறியது.

இறக்கும்வரை வைத்திருந்தால் வரி மறைந்துவிடும் என்று நம்புவது

இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் வாரிசின் அடக்க விலை, அதாவது லாபத்தைக் கணக்கிட வாங்கிய விலையாகக் கொள்ளும் தொகை, இறந்த நாளின் சந்தை விலையாக மாறிவிடுகிறது; அதுவரை சேர்ந்த லாபத்துக்கு யாரும் ஆதாய வரி கட்டுவதில்லை. அங்கே பூட்டு உண்மையிலேயே கனமானது, வயதாக ஆக இன்னும் இறுகும். கனடாவில், வாழ்க்கைத் துணைக்குப் போவது போன்ற விதிவிலக்குகள் தவிர, இறந்த நாளில் விற்றதாகவே கொள்கிறார்கள். இந்தியாவில் வாரிசுக்கு வரி உடனே வராது, ஆனால் பழைய உரிமையாளர் வாங்கிய விலையே தொடர்கிறது. 100 என்பது 100ஆகவே நிற்கும். வேறு நாட்டவர் சொன்ன யோசனையைக் கேட்டு முப்பது வருடம் காத்திருப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்காத நஷ்டத்தைக் கணக்கில் சேர்ப்பது

அதுவும் விற்றால்தான் கணக்கு. கீழே கிடக்கும் ஒரு பங்கில் 120 நஷ்டம் இருந்து, அதையும் அதே வருடம் விற்றால், நஷ்டத்தை ஈடுசெய்ய விதி இடம் தரும் நாட்டில் 300 லாபம் 180 ஆகும், 60 வரி 36 ஆகும். விற்ற பங்கையே உடனே திரும்ப வாங்கினால் சில நாடுகள் அந்த நஷ்டத்தை ஏற்பதில்லை. என்னிடம் வந்தவரின் பத்துப் பங்குகளில் அப்படி இரண்டு இருந்தன. பெரிய பங்கில் பாதியையும் அந்த இரண்டையும் ஒன்றாக விற்க முடிவு செய்தார். மீதிப் பாதியை அடுத்த வரி ஆண்டுக்கு வைத்திருக்கிறார்.